சும்மா இருக்கிற நேரத்துக்கு டொலர் வருமா?

"போன் இருக்குது, டேட்டா இருக்குது. சும்மா இருக்கிற நேரத்தில நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் டொலர் வரும்." கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இப்போது குறைவு. யூரியூப்பில் ஒரு தம்பி சொல்கிறார், வட்ஸ்அப் குறூப்பில் ஓர் அக்கா பகிர்கிறார். மண்டபத்தில் கதிரை போட்டு நடத்தும் வாழ்வாதாரப் பயிற்சிகளிலும், தையலுக்கும் கோழி வளர்ப்புக்கும் பிறகு, 'இணையவழி வருமானம்' என்ற தலைப்பில் இது வந்துவிடுகிறது. யாராவது சந்தேகப்பட்டால் கையோடு இரண்டாவது வாதமும் வரும்: "முதல் ஒண்டும் போடத் தேவையில்லை. பேரும் நம்பரும் குடுக்கிறதால என்ன நட்டம்?"

இரண்டையும் மறுக்கிறேன். முதலாவது மிகைப்படுத்தல். இரண்டாவது, வன்னியில் வாழ்ந்த எவரும் நம்பிச் சொல்லக்கூடாத பேச்சு.

எல்லாமே களவு என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் தவறுதான். டொலுனா, யூகவ் போன்ற கருத்துக்கணிப்புத் தளங்கள் உண்மையானவை, பணமும் தருகின்றன. சோப்பு விற்கும் நிறுவனமோ தொலைபேசி விற்கும் நிறுவனமோ தன் வாடிக்கையாளர் என்ன நினைக்கிறார் என்று அறிய ஓர் ஆய்வு நிறுவனத்திடம் காசு கொடுக்கிறது. அந்த நிறுவனம் வினாக்கொத்தைத் தயாரித்து, பதில் சொல்ல ஆட்களைத் தேடி, ஆட்களை மொத்தமாக விற்கும் சந்தையொன்றுக்குப் போகிறது. சுவீடனின் சின்ட் நிறுவனம் நடத்துவது அப்படியொரு சந்தை. 2021இல் அது அமெரிக்காவின் லூசிட் என்ற இன்னொரு பெரிய சந்தையையும் வாங்க ஒப்பந்தம் செய்தது. அங்கிருந்து கேள்வி ஒரு தளத்துக்கு வந்து, தளத்திலிருந்து உங்கள் போனுக்கு வருகிறது. நான்கு கை மாறி வரும் காசில் கடைசிக் கைக்கு மிஞ்சுவதுதான் உங்கள் பங்கு.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதை உங்கள் திறமையோ நேரமோ முடிவு செய்வதில்லை. நீங்கள் இருக்கும் நாடு முடிவு செய்கிறது. அமெரிக்காவில் கார் வாங்கப்போகிற ஒருவரின் பதிலுக்கு ஒரு கார் நிறுவனம் நல்ல விலை கொடுக்கும். புதுக்குடியிருப்பில் சைக்கிள் வைத்திருப்பவரின் பதிலை வாங்க அந்த நிறுவனத்துக்கு ஒரு காரணமும் இல்லை. இலங்கைக்கென்று வரும் கேள்விகள் குறைவு. அவற்றில் தமிழில் வருபவை இன்னும் குறைவு. வருபவற்றிலும் கொழும்பு, நகரம், இன்ன வயது, இன்ன வருமானம் என்று வடிகட்டிக் கேட்பார்கள்.

அந்த வடிகட்டலைப் பற்றி வகுப்புகளில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. வினாக்கொத்தைத் திறந்ததும் முதலில் வருவது தெரிவுக் கேள்விகள்: வயது, வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், கடந்த மூன்று மாதத்தில் என்ன வாங்கினீர்கள். நான்கைந்து நிமிடம் பதில் சொன்ன பிறகு 'நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை' என்று திரை மூடிக்கொள்ளும். அல்லது உங்களைப் போன்றவர்களின் கோட்டா ஏற்கெனவே நிரம்பியிருக்கும். சில தளங்கள் ஒன்றிரண்டு புள்ளி தந்து அனுப்பும், பல தளங்கள் அதுவும் தராது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் சொன்னவை அவர்களிடமே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுமையாக முடித்த ஒரு வினாக்கொத்துக்கு அரை டொலர் என்று வைப்போம். இலங்கைக் கணக்கொன்றுக்கு இது தாராளமான மதிப்பீடுதான். அதை முடிக்கப் பதினைந்து நிமிடம். அதற்கு முன் நான்கு தெரிவுக் கேள்விகளில் தலா ஐந்து நிமிடம் செலவழித்து வெளியேற்றப்பட்டிருப்பீர்கள். மொத்தம் முப்பத்தைந்து நிமிடத்துக்கு, டொலர் 300 ரூபா என்றால், 150 ரூபா. மணிக்கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 257 ரூபா வருகிறது. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200 ரூபா. எட்டு மணி நேரத்தால் பிரித்தால் மணிக்கு 150. ஆக, கேள்விக்குப் பதில் சொல்வது குறைந்தபட்சச் சம்பளத்தை விட மேல்!

வகுப்பு எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்திக்கொள்கிறார்கள். மணிக்கூலியில் அவர்கள் பெரிதாகப் பொய் சொல்லவில்லை. எத்தனை மணி நேரத்துக்கு வேலை கிடைக்கும் என்பதில்தான் பொய் இருக்கிறது. அந்த 30,000 ரூபாவை இதில் எடுக்க மாதம் 200 வினாக்கொத்துகளை முழுமையாக முடிக்க வேண்டும், ஒரு நாளும் தவறாமல் ஆறு ஏழு. விளம்பரங்களில் வரும் 'மாதம் ஐம்பதாயிரம்' என்றால் நாளுக்குப் பதினொன்று. இலங்கை முகவரியுள்ள ஒருவருக்கு இரண்டு நாளுக்கு ஒன்று முழுதாக அமைந்தாலே நல்ல ஓட்டம். அப்படியானால் மாதம் பதினைந்து, அதாவது ஏழரை டொலர், 2,250 ரூபா. உட்கார்ந்து செய்த வேலை ஒன்பது மணி நேரத்துக்குக் கிட்டத்தான். பத்தாவது மணி நேரம் உழைக்க நீங்கள் தயாராக இருந்தாலும் கொடுக்க அவர்களிடம் கேள்வி இல்லை. அந்த ஒன்பது மணி நேரமும் ஒரேயடியாக வருவதில்லை. கோட்டா நிரம்புவதற்குள் பிடிக்க வேண்டும் என்று நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கணக்கே கிடையாது.

அந்த ஏழரை டொலரும் கைக்கு வர வேண்டும். பெரும்பாலான தளங்களின் முதல் வழி பேபால். இலங்கையில் திறந்த பேபால் கணக்கால் பொருள் வாங்கலாம், ஆனால் நீண்ட காலமாக வெளியிலிருந்து வரும் பணத்தைப் பெற முடியாமலே இருந்தது. பெறும் வசதி வருகிறது என்று ஆட்சிக்கு ஆட்சி அறிவித்தார்கள். உங்கள் கணக்கில் அது வேலை செய்கிறதா என்று ஒரு டொலரைப் பெற்றுப் பார்க்காமல் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லத் தொடங்காதீர்கள். 'வெளிநாட்டில இருக்கிற மச்சானின்ர பேபாலுக்கு எடுப்பம்' என்பது அடுத்து வரும் யோசனை. தளத்தில் இலங்கை, பணம் போவது கனடா என்றால் அந்த முரண்பாட்டைக் கண்டு கணக்கையே மூடிவிடும் தளங்கள் உண்டு.

இரண்டாவது வழி பேயோனியர். இது இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும், சுயதொழிலாக வெளிநாட்டு வேலை செய்யும் நம் இளைஞர்கள் பலர் பாவிப்பதும் இதுதான். ஆனால் அது நூற்றுக்கணக்கான டொலர் உழைப்பவர்களுக்கென்று அமைந்தது. வங்கிக்கு எடுக்கக் குறைந்தது 50 டொலர் சேர வேண்டும், ஆண்டு முழுதும் சிறு தொகையே வந்து சேரும் கணக்கிடம் 29.95 டொலர் ஆண்டுக் கட்டணம் அறவிடப்படும். நம் கணக்கில் ஆண்டு வருமானம் 90 டொலர். மூன்றிலொரு பங்கு கட்டணத்துக்கே போனால் மிஞ்சுவது 60 டொலர், மாதம் 1,500 ரூபா. அதற்குள் டேட்டாக் காசும் இருக்கிறது. வாழ்வாதாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது இந்த 1,500 ரூபாவைத்தான்.

"அப்ப உழைக்கிற ஆக்கள் இருக்கினம்தானே? ஸ்கிரீன்ஷொட் காட்டுகினமே?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். அநேகமான தளங்களில் ஒரு சிறப்பு இணைப்பு தருவார்கள். அந்த இணைப்பால் நீங்கள் சேர்த்த ஒருவர் உழைக்கும்போது அதில் ஒரு பங்கு தளத்தின் செலவில் உங்களுக்கு வரும். நூறு பேருக்கு வகுப்பு எடுத்து நூறு பேரையும் தன் இணைப்பால் சேர்த்த ஒருவர் கேள்வி ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாமல் உழைக்கலாம். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷொட் உண்மைதான், ஆனால் அந்தக் காசு அவருக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களால் வந்தது, கேள்விகளால் அல்ல. உங்களுக்கு அது வர நீங்களும் நூறு பேரைப் பிடிக்க வேண்டும்.

உழைப்பு போதாமல் போனதும் குறுக்கு வழிகள் வரும். விபிஎன் போட்டு அமெரிக்காவில் இருப்பதாகக் காட்டுவது ஒன்று. தளங்கள் ஐபி முகவரியையும் போனின் நேர வலயத்தையும் உறுதிப்படுத்தும் தொலைபேசி இலக்கத்தையும் பணம் போகும் நாட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மோசடியெனக் கண்டால் உடனே விரட்ட வேண்டும் என்ற கட்டாயமும் அவற்றுக்கு இல்லை. நீங்கள் பணத்தை எடுக்கப்போகும் நாளில்தான் சோதனை இறுகும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. 2009க்குப் பிறகு வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் படிவத்தோடு ஆட்கள் வந்தார்கள். எத்தனை மாடு, எத்தனை பிள்ளை, யார் உழைக்கிறார் என்று கேட்டார்கள். மாட்டைக் கூடச் சொன்னால் வீட்டுத்திட்டமோ உதவியோ கிடைக்காது, குறைத்துச் சொன்னால் பயனாளிப் பட்டியலில் பெயர் வரும் என்று சனம் பட்டறிந்தது. படிவத்துக்கு ஏற்றபடி பதில் சொல்வது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது, அதில் நான் குறை காணமாட்டேன். அதே பழக்கத்தில் கேள்வி கூட வரும் என்று 'கார் இருக்கு', 'வருமானம் இரண்டு லட்சம்' என்று ஒரு தளத்தில் சொல்கிறார்கள். மூன்று வாரம் கழித்து அதே தளம் வேறு கேள்விக்குள் அதையே சுற்றிவளைத்துக் கேட்கும். முதல் சொன்னது மறந்துபோயிருக்கும். இடையே 'இந்த வரியில் மூன்றாவது விடையைத் தெரிவு செய்க' என்று ஒரு கண்ணியும் வைத்திருப்பார்கள். இருபது நிமிட வினாக்கொத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தாலும் பிடிபடும். புள்ளி சேர்ந்திருக்கும், கணக்கு மூடியிருக்கும், முறையிட ஆளிருக்காது.

செயலி சோதனை வேறு கதை. ஒரே பெயரில் மூன்று தொழில்கள் நடக்கின்றன, அதனால் குழப்பமும் கூட. ஒன்று, புதிய இணையத்தளத்தைத் திறந்து, அதைப் பாவித்தபடியே மனதில் பட்டதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்வது. யூசர்டெஸ்டிங் என்ற நிறுவனம் இதற்கு நீண்ட காலமாக இருபது நிமிடச் சோதனைக்குப் பத்து டொலர் கொடுத்துவந்தது. கேட்க இனிக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் தங்குதடையின்றிப் பேச வேண்டும், சோதனைக்கு ஆள் எடுக்கும்போது அங்கும் தெரிவுக் கேள்வி உண்டு, பணம் பேபாலில் வரும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவரிடம் ஆங்கிலம் இருக்கலாம், காசு வந்துசேரும் குழாய்தான் இருக்காது.

இரண்டாவது கூகிளின் ஒரு விதியால் உண்டான சந்தை. 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் திறந்த செயலித் தயாரிப்பாளர்கள், பிளே ஸ்ரோரில் செயலியை வெளியிட முன் குறைந்தது இருபது பேரைக் கொண்டு தொடர்ந்து பதினான்கு நாள் சோதிக்க வேண்டும் என்று கூகிள் சொன்னது. 2024 டிசம்பரில் இருபதைப் பன்னிரண்டாகக் குறைத்தது. பன்னிரண்டு ஜிமெயில் கிடைக்காத தயாரிப்பாளர் சில்லறைக் காசுக்கு ஆள் தேடுகிறார். 'செயலி சோதனை வேலை' என்று குறூப்பில் வருவதில் ஒரு பகுதி இதுதான். இதில் சோதனை என்று எதுவும் பெரும்பாலும் இல்லை. உங்கள் ஜிமெயிலும் போனில் இரண்டு வாரம் இடமும் தேவை, அவ்வளவே. யார் எழுதியது என்று தெரியாத செயலியை, வங்கிச் செயலி இருக்கும் அதே போனில், நூறு இருநூறு ரூபாவுக்காகப் பதிவது நான் எவருக்கும் சொல்லும் வேலையல்ல.

மூன்றாவதுதான் தொழில் என்று சொல்லத் தக்கது: செயலியின் பிழையைக் கண்டுபிடித்து எழுதிக்கொடுப்பது. யூடெஸ்ட் போன்ற தளங்கள் உலகம் முழுதும் ஆட்களைச் சேர்க்கின்றன, தொடக்கப் பாடங்களை இலவசமாகத் தருகின்றன, ஏற்றுக்கொண்ட பிழைக்குத்தான் காசு கொடுக்கின்றன. ஏற்றுக்கொள்ளுதல் என்பதில்தான் பாடு இருக்கிறது. ஓர் உதாரணம் எடுப்போம். பொருள் வினியோகச் செயலியொன்றில் முகவரியைத் தமிழில் எழுதிச் சேமித்தால் 'கிளிநொச்சி' என்பதன் ஒற்றெழுத்துப் புள்ளி விலகிப் பக்கத்தில் வட்டமாக நிற்கிறது. 'தமிழ் சரியாக வரவில்லை' என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். எந்தப் போன், ஆண்ட்ரோயிட்டின் எந்தப் பதிப்பு, எந்த விசைப்பலகை, செயலியின் எந்தப் பதிப்பு என்று முதலில் எழுத வேண்டும். பிறகு எந்தத் திரையில் எதை அழுத்தினால் இது நடக்கிறது என்று ஒவ்வொரு படியாக, அந்த ஊரைக் கேள்விப்படாத ஒருவரும் செய்து பார்க்கும்படி எழுத வேண்டும். நடந்திருக்க வேண்டியது என்ன, நடந்தது என்ன என்று இரண்டு வரி. எத்தனை முறை செய்தும் வருகிறதா, ஒருமுறைதானா என்று ஒரு வரி. கூடவே திரைப்பதிவு. இவ்வளவும் செய்து அனுப்பினாலும் வேறொருவர் பத்து நிமிடம் முந்தி அதையே அனுப்பியிருந்தால் உங்களுக்குக் காசில்லை.

அதனால் முதல் சில மாதம் வருமானம் பூச்சியமாக இருக்கக்கூடும். ஆனால் மூன்றிலும் இதைத்தான் நான் மதிக்கிறேன். இதில் கற்பது கையில் நிற்கும். விலை குறைந்த போன், விட்டுவிட்டு வரும் சிக்னல், தமிழ் எழுத்து ஆகியவை கொழும்பிலோ சென்னையிலோ மேசைக்கு முன் இருக்கும் சோதனையாளருக்கு எளிதில் அகப்படாத பிழைகளைக் காட்டித்தரும். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இந்த அறிக்கை எழுதும் பழக்கத்தை வளர்த்தால், நாளை மென்பொருள் நிறுவனமொன்றின் தர உறுதிப் பிரிவில் நேர்முகத்துக்குப் போகும்போது காட்ட ஒரு கோப்பு இருக்கும். அதை வேலைக்கான படிப்பாகப் பார்க்கலாம், வேலையாகவே பார்க்கக்கூடாது.

சோதனை என்றும் வேலை என்றும் சொல்லி வரும் நேரடிக் களவுக்கு அதிக இடம் ஒதுக்க விரும்பவில்லை, ஏனென்றால் அதன் வடிவம் எங்கும் ஒன்றுதான். ரெலிகிராமில் அழைத்து, காணொளிக்கு விருப்பம் போட்டால் முந்நூறு ரூபா என்று உண்மையாகவே அனுப்புவார்கள். அடுத்து 'முற்பண டாஸ்க்': ஐயாயிரம் போட்டால் ஆறாயிரத்தைந்நூறு திரும்பும், அதுவும் திரும்பும். பிறகு ஐம்பதாயிரம். திரையில் இலட்சக்கணக்கில் இருப்புக் காட்டும், எடுக்க வேண்டுமென்றால் வரி கட்டச் சொல்லும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்கு இந்த வகை மோசடி பற்றி 2020இல் முறைப்பாடே இருக்கவில்லை. 2024இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 20,000 வந்தன. நம் நாட்டில் 2023 ஓகஸ்டில் எம்.ரி.எஃப்.ஈ. என்ற செயலி கவிழ்ந்தபோது சனம் இதேபோன்ற திரை இருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு இத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவதை மட்டுமல்ல, ஊக்குவிப்பதையும் விளம்பரப்படுத்துவதையும் தடைசெய்கிறது. குறூப்பில் பகிரும் அக்காக்கள் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

அடையாளம் ஒன்று சொல்லிவைக்கிறேன். காசு போடச் சொல்லும் வங்கிக் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறொரு தனியாளின் பெயரில் இருக்கும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களும் நம்மைப் போன்ற சனம்தான். 'உங்கட கணக்குக்குக் காசு வரும், அதை மற்றக் கணக்குக்கு மாத்திவிட்டால் நூற்றுக்கு இரண்டு உங்களுக்கு' என்பது கேட்டவர்களுக்கு வேலையாகத் தெரிந்திருக்கும். பொலிஸ் முதலில் வருவது அவர்கள் வீட்டுக்கு. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணத் தூய்தாக்கல் தடைச் சட்டம் இத்தகைய கைமாற்றைத்தான் குறிவைக்கிறது.

இனி இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். "பேரும் நம்பரும் குடுக்கிறதால என்ன நட்டம்?"

2009இல் மூன்று லட்சத்துக்குக் கிட்டிய சனம் செட்டிகுளம் மெனிக் பார்ம் உள்ளிட்ட முகாம்களில் பதியப்பட்டது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார், எந்தப் பட்டியலில் இல்லை என்பதால் வாழ்க்கை மாறிப்போன குடும்பங்கள் இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. அந்த ஊரில் இருந்துகொண்டு தகவலுக்கு விலையில்லை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

பழைய கதையை விடுவோம், இன்றைய கணக்கைப் பார்ப்போம். தளங்கள் 'பெயரில்லாமல்தான் தகவலை விற்கிறோம்' என்று சொல்கின்றன, நல்ல தளங்கள் அப்படித்தான் செய்கின்றன. பெயரில்லாத் தகவல் பாதுகாப்பாக இருப்பது கூட்டத்தால். கொழும்பு மாவட்டத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 92,000 பேர், நாட்டிலேயே ஆகக் குறைவு. 'முல்லைத்தீவு, பெண், வயது 38, குடும்பத் தலைவி, மூன்று பிள்ளை, தையல் தொழில், நுண்நிதிக் கடன் இருக்கிறது, ஒரு காலில் ஊனம்' என்று ஒரு வரிசை. இதில் பெயர் இல்லை. ஆனால் கிராம அலுவலரிடம் கேட்காமலே அயலவர் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார். கொழும்பில் மறைத்துவைக்கும் அதே கேள்விகள் இங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. நோய், வருமானம், மதம், கடன் பற்றிய கேள்விகளுக்கு 'சொல்ல விரும்பவில்லை' என்ற விடை பெரும்பாலும் இருக்கும். அதை அழுத்துவதால் ஒரு வினாக்கொத்து போகலாம், போகட்டும்.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் என்று எண்ணாதீர்கள். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையின் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1995632 என்று தொடங்கினால் ஆள் பெண், 500ஐக் கழிக்க 132ஆவது நாள், பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் வைத்து எண்ணினால் 1995 மே 11. அட்டையின் முன்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியவர் தன் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார். கடன் செயலியில் உங்கள் பெயரில் ஆள் சேரவும், சிம் எடுக்க முயலவும் ஒருவருக்கு அது தொடக்கம். பேயோனியர் போன்ற பணம் கையாளும் நிறுவனம் அடையாள அட்டையைக் கேட்பது சட்டப்படியான கடமை, அதன் சொந்தச் செயலிக்குள் கொடுக்கலாம். சவர்க்காரம் பற்றிக் கேட்கும் தளமோ வட்ஸ்அப்பில் 'பதிவு செய்கிறோம்' என்பவரோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வன்னிக்கு இன்னொரு ஆபத்து வட்ஸ்அப்பால் வருகிறது. 'பதிவை உறுதிப்படுத்த உங்கள் போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ' என்பார்கள். பல நேரம் அது வட்ஸ்அப் கணக்கை இன்னொரு போனுக்கு மாற்றும் இலக்கம். கணக்குக் கைமாறிய அரை மணி நேரத்தில் கனடாவில் இருக்கும் மாமாவுக்கும் சுவிஸில் இருக்கும் அண்ணாவுக்கும் உங்கள் பெயரில் செய்தி போகும்: 'அம்மாவை ஆஸ்பத்திரியில விட்டிருக்கு, அவசரமா காசு வேணும், இந்தக் கணக்குக்குப் போடுங்கோ.' வெளிநாட்டுக் காசு கேட்கும் வழியே பல வீடுகளில் வட்ஸ்அப்தான் என்பதால் அவர்கள் சந்தேகப்படமாட்டார்கள். வட்ஸ்அப் அமைப்பில் இரண்டு படி உறுதிப்படுத்தலை இயக்கி ஒரு இரகசிய இலக்கம் வைத்தால் இந்த வழி பெருமளவு அடைபடும். இன்றே செய்யக்கூடியது, ஒரு நிமிடம் கூட எடுக்காது.

செயலிகளில் பார்க்க வேண்டியது, பிளே ஸ்ரோருக்கு வெளியே இணைப்பாக அனுப்பும் கோப்பு. பதிந்ததும் 'அக்ஸசிபிலிட்டி' அனுமதி கேட்டால் அழித்துவிடுங்கள். பார்வை குறைந்தவர்களுக்காக உண்டாக்கிய அந்த அனுமதி, திரையில் உள்ளதை வாசிக்கவும் உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் செயலிக்கு இடம் தரும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் திரையில்தானே வருகிறது. குறுஞ்செய்தி வாசிக்கும் அனுமதிக்கும் இதே பதில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்து பார்க்கிறேன் என்பவர் செய்யலாம், அதில் பாவமில்லை. புதிய ஜிமெயில் ஒன்று இதற்கென்று திறந்து, வங்கியோடு இணைக்காத சிம் ஒன்றைக் கொடுத்து, முடிந்தால் பழைய போன் ஒன்றில் செய்யுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, மாவட்டம் உண்மையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பணம் எடுக்கும்போது இடிக்கும். வீதி, வீட்டிலக்கம், பிள்ளைகளின் பாடசாலை வேண்டாம். எடுக்கக்கூடிய ஆகக் குறைந்த தொகை சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள். புள்ளியைச் சேர்த்துவைக்கும் கணக்குத்தான் அதிகம் மூடப்படுகிறது. மூன்று மாதத்தில் ஒரு டொலரும் கைக்கு வராத தளத்தில் கணக்கை அழிக்கச் சொல்லி எழுதுங்கள். ஐரோப்பாவில் நிலைகொண்ட நிறுவனமென்றால் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் சட்டம் நீங்கள் மாங்குளத்தில் இருந்தாலும் அதைக் கட்டுப்படுத்தும், அழிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நம் நாட்டுக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பிறகு தள்ளிவைக்கப்பட்டன. அதை நம்பி இப்போது எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

கிழமைக்குக் கிழமை நுண்நிதிக் கடன் தவணை கட்டும் ஒரு பெண்ணிடம், ஆறேழு மாதம் கழித்து 50 டொலர் சேர்ந்தால் எடுக்கலாம் என்ற ஒன்றை வாழ்வாதாரம் என்று சொல்லிக்கொடுப்பது கூடாத காரியம். பயிற்சி நடத்தும் நிறுவனங்களும் பிரதேச செயலக அலுவலர்களும் இதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். மாணவர்களுக்கென்றால் பிழை அறிக்கை எழுதுவதைக் கற்பிக்கட்டும், கேள்விக்குப் பதில் சொல்வதை விட்டுவிடட்டும். அதுவரை வகுப்புக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைபேசித் திரையை விட்டுவிட்டு, பயிற்றுநரின் வங்கிக் கணக்குக்குக் காசு வந்த பதிவைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எவ்வளவு அவர் சொன்ன பதில்களுக்கு வந்தது, எவ்வளவு அவர் சேர்த்த ஆட்களால் வந்தது என்று எல்லோர் முன்னும் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் அவரின் இணைப்பை அழுத்தாமல் எழும்பி வாருங்கள்.